பாக்கெட் எங்கே தொலைகிறது? பிங், டிரேஸ்ரூட் வரிகளைப் படிக்கும் முறை

சந்தேகங்களும் விளக்கங்களும்

தஞ்சோங் ரம்புத்தான், செமோர், சுங்கை சிப்புட் வட்டாரத்து வீடுகளில் இணையம் பற்றி எழும் புகாருக்கு ஒரு வழக்கமான வடிவம் உண்டு. பகலில் எல்லாம் சரியாக ஓடுகிறது. இரவு எட்டு, ஒன்பது மணி ஆனதும் வீடியோ அழைப்பில் குரல் விட்டுவிட்டுக் கேட்கிறது, படம் உறைந்து நின்றுவிடுகிறது. புகார் கொடுத்தால் மறுநாள் காலை தொழில்நுட்பர் வருகிறார். அவர் வரும் நேரத்தில் ஒரு குறையும் தெரிவதில்லை. "லைன் ஓகே" என்று எழுதிவிட்டுப் போகிறார். அன்றிரவு மறுபடியும் அதே தொல்லை.

அவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். வீட்டுக்கு வரும் லைன் நன்றாக இருந்து, தகவல் வேறெங்கோ தொலைந்துகொண்டிருக்கலாம். தொலையும் இடம் வீட்டுக்குள் இருந்தால் சரிசெய்ய வேண்டியவர் நாம்தான். வீட்டிலிருந்து இணைய நிறுவனத்தின் முதல் கருவி வரை உள்ள பகுதி என்றால் கம்பிவேலைக்காரர் வர வேண்டும். அதற்கும் அப்பால் என்றால் அவர் நூறு முறை வந்தாலும் பயனில்லை, நிறுவனத்தின் பாதைகளை நிர்வகிக்கும் பொறியாளர்கள் பார்க்க வேண்டும். இந்த மூன்றில் எது என்பதை வீட்டுக் கணினியிலேயே கண்டறிய முடியும்.

வேகச் சோதனையில் 100 எம்பிபிஎஸ் காட்டுகிறது. பிறகு ஏன் எல்லாம் இழுத்து இழுத்து வருகிறது?

வேகச் சோதனைத் தளங்கள் பொதுவாக அருகிலுள்ள சர்வரைத்தான் தேர்ந்தெடுக்கும். நம் பகுதியிலிருந்து சோதித்தால் அது ஈப்போவிலோ கோலாலம்பூரிலோ இருக்கும். அதுவரை சாலை நன்றாக இருக்கிறது என்பதற்கு மட்டுமே அந்த 100 சாட்சி. நீங்கள் பேசும் சர்வர் சென்னையிலோ அமெரிக்காவிலோ இருந்தால் அந்த எண்ணுக்கும் உங்கள் தொல்லைக்கும் தொடர்பே இல்லாமல் போகலாம்.

இணையத்தில் போகும் எதுவும் சிறுசிறு பாக்கெட்டுகளாகத்தான் போகிறது. ஒன்று தொலைந்தால் மறுபக்கம் அதைத் திரும்பக் கேட்கும். அனுப்பும் கணினியோ, பாதையில் நெரிசல் என்று எடுத்துக்கொண்டு தன் வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்ளும், பிறகு மெல்ல மெல்லத்தான் ஏறும். ஏறும் வேகம் தூரத்தைப் பொறுத்தது. அதனால் ஒரே அளவு இழப்பு அருகில் இருப்பவரைக் கொஞ்சமாகவும் தொலைவில் இருப்பவரைக் கடுமையாகவும் பாதிக்கிறது. நூற்றுக்கு 2 பாக்கெட் தொலைகிறது என்று வையுங்கள். நெடுங்காலமாகப் புழக்கத்தில் உள்ள டிசிபி முறையில், 10 மில்லிவிநாடியில் போய்த் திரும்பும் சர்வரிலிருந்து ஒரு கோப்பை இறக்கினால் வேகம் ஏறத்தாழ 10 எம்பிபிஎஸ் வரை எட்டும். போய்த் திரும்ப 200 மில்லிவிநாடி ஆகும் அமெரிக்கச் சர்வர் என்றால் அதே 2 விழுக்காட்டு இழப்பில் அரை எம்பிபிஎஸ்ஸே மிஞ்சும். நீங்கள் கட்டணம் கட்டும் 100 எம்பிபிஎஸ் அங்கே கணக்கிலேயே வராது. புதிய முறைகள் சில இதைவிட நன்றாகத் தாக்குப்பிடிக்கும். ஆனாலும் நேரலைக் குரலுக்குத் தப்பிக்க வழி குறைவு, தொலைந்த பாக்கெட் திரும்ப வருவதற்குள் அந்தச் சொல் பேசி முடிந்திருக்கும்.

பிங் கட்டளை நான்கு வரி காட்டிவிட்டு "0% loss" என்கிறது. அப்படியானால் இழப்பு இல்லை என்றுதானே பொருள்?

இல்லை. நான்கு என்பது மிகச் சிறிய எண்ணிக்கை. உண்மையில் 2 விழுக்காடு தொலைந்துகொண்டிருக்கும் பாதையில் நான்கு பாக்கெட் அனுப்பினால், நூற்றுக்கு 92 தடவை நான்குமே பத்திரமாகத் திரும்பிவிடும். நிம்மதி தரும் அந்தச் சுழியத்தை நம்பித்தான் பலர் தேடலை அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். 200 அனுப்பினால் 2 விழுக்காட்டு இழப்பு கண்ணில் படாமல் தப்புவது மிக அரிது.

பிங்கை 1983 டிசம்பரில் அமெரிக்க இராணுவத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் மைக் மூஸ் என்பவர் எழுதினார். அவர் கையிலிருந்த வலைப்பின்னல் கோளாறைக் கண்டுபிடிக்கத்தான் எழுதினார். அது செய்வதெல்லாம் ஒரு சிறு பாக்கெட்டை அனுப்பி, "வந்து சேர்ந்தது" என்ற பதில் திரும்ப எத்தனை மில்லிவிநாடி ஆகிறது என்று அளப்பதுதான்.

எதற்கு அனுப்புவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முதலில் வெளியுலகத்தை மறந்துவிட்டு உங்கள் வீட்டு ரௌட்டருக்கே அனுப்புங்கள். விண்டோஸில் `ipconfig` என்று தட்டினால் `Default Gateway` என்ற வரியில் அதன் முகவரி இருக்கும்.

```
ping -n 200 192.168.0.1
ping -n 200 8.8.8.8
```

விநாடிக்கு ஒன்றாகப் போவதால் ஒவ்வொன்றுக்கும் மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல் ஆகும். தொல்லை இருக்கும் நேரத்திலேயே செய்ய வேண்டும். இரவுத் தொல்லைக்குக் காலையில் எடுத்த அளவு உதவாது.

முடிவைப் படிக்கும்போது ஒரு கண்ணி உண்டு. `Request timed out` என்று வந்தால் பதில் வரவில்லை, அது இழப்பில் சேரும். `Destination host unreachable` என்று வந்தால் விண்டோஸ் அதையும் ஒரு பதிலாகவே எண்ணிவிடும், கடைசியில் இழப்பு 0 என்றுகூடக் காட்டும். ஆகவே அடிவரியை மட்டும் பார்க்காமல் மேலே உள்ள வரிகளையும் ஓட்டிப் பாருங்கள்.

ரௌட்டருக்கு அனுப்பும் பிங்கிலேயே இழப்பு வருகிறது. யாரிடம் புகார் செய்வது?

யாரிடமும் வேண்டாம். அந்தப் பாக்கெட் வீட்டு வாசலைத் தாண்டவே இல்லை. வைஃபையில்தான் தொலைகிறது. ரௌட்டர் முன்கூடத்தில் ஆஸ்ட்ரோ பெட்டிக்குப் பின்னால் இருக்கிறது, நீங்கள் இருப்பது இரண்டு செங்கற்சுவர் தாண்டிப் பின்னறை என்றால் இழப்பு வருவது சாதாரணம். வரிசை வீடுகளில் அண்டை வீட்டு ரௌட்டர்களும் அதே அலைவரிசையில் ஓடும். அவர்களும் இரவில்தான் படம் பார்க்கிறார்கள், அதனால் வைஃபைத் தொல்லையும் "இரவில் மட்டும்" வரும் தொல்லையாகவே தெரியும்.

ஒரு லேன் கேபிளை ரௌட்டரிலிருந்து கணினிக்கு நேராகச் செருகி மறுபடி 200 பிங் அனுப்புங்கள். 0 இழப்பும் 1 மில்லிவிநாடியும் வர வேண்டும். வந்தால், இனி எல்லாச் சோதனைகளையும் அந்தக் கேபிளிலேயே செய்யுங்கள். வைஃபையில் எடுத்த அளவை அனுப்பினால், "உங்கள் வைஃபையாக இருக்கும்" என்ற ஒரே பதிலில் நிறுவனம் கோப்பை மூடிவிடலாம், அதைத் தவறு என்று சொல்லவும் முடியாது.

8.8.8.8க்கு அனுப்பினால் இழப்பே இல்லை. ஆனால் சென்னை அலுவலகத்துடன் வேலை செய்ய முடியவில்லை. எப்படி?

8.8.8.8 என்பது ஒரே ஒரு கணினி இல்லை. உலகில் பல ஊர்களில் உள்ள கணினிகள் அதே முகவரிக்குப் பதில் சொல்கின்றன, உங்களுக்கு அருகில் உள்ளது பதில் தருகிறது. இங்கிருந்து கேட்டால் பதில் சில மில்லிவிநாடிகளில் வந்துவிடும். அது கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கிறது என்று அதிலிருந்தே ஊகிக்கலாம். ஆக, அந்தச் சோதனை வீடும் லைனும் நிறுவனத்தின் உள்நாட்டுப் பாதையும் நலம் என்று சொல்கிறது. கடலைக் கடக்கும் பாதையைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அங்கே போக டிரேஸ்ரூட் வேண்டும்.

டிரேஸ்ரூட்டுக்கு வழியில் உள்ள கருவிகள் எப்படித் தெரிகின்றன?

ஒவ்வொரு பாக்கெட்டிலும் ஒரு ஆயுள் எண் எழுதப்பட்டிருக்கும். வழியில் உள்ள ஒவ்வொரு ரௌட்டரும் அதில் ஒன்றைக் கழிக்கும். சுழியம் ஆகிவிட்டால் பாக்கெட்டை எறிந்துவிட்டு, அனுப்பியவருக்கு "ஆயுள் முடிந்தது" என்று தகவல் அனுப்பும். வழிதவறிய பாக்கெட்டுகள் முடிவில்லாமல் சுற்றாமல் இருக்க ஏற்பட்ட ஏற்பாடு இது. 1987இல் வான் ஜேக்கப்சன் இதையே துருப்பாக்கினார். ஆயுள் 1 என்று அனுப்பினால் முதல் ரௌட்டர் பதில் தரும். 2 என்றால் இரண்டாவது தரும். இப்படியே சேருமிடம் வரை ஒவ்வொருவரையும் தன் முகவரியைச் சொல்ல வைக்கலாம். எழுதி முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகியும் இன்றும் இதே உத்திதான்.

விண்டோஸில் கட்டளை `tracert`. ஒவ்வொரு நிலைக்கும் மூன்று பாக்கெட் மட்டுமே அனுப்பும். பாதை எது என்று காண அது போதும், இழப்பை அளக்கப் போதாது. 6 விழுக்காட்டு இழப்புள்ள நிலையில்கூட ஐந்துக்கு நான்கு தடவை மூன்றுமே சரியாக வந்துவிடும். அதனால் ஒவ்வொரு நிலைக்கும் நூற்றுக்கணக்கில் அனுப்பிக் கணக்கெடுக்கும் எம்டிஆர் என்ற நிரலைப் பயன்படுத்துகிறார்கள். விண்டோஸுக்கு `WinMTR` என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது. விண்டோஸிலேயே உள்ள `pathping` இதையே செய்யும் என்றாலும், வழியில் ஒரு ரௌட்டர் பதில் சொல்லாவிட்டால் அதோடு நின்றுவிடும் குறை அதற்கு உண்டு.

அந்த வரிகளை எப்படிப் படிப்பது? ஓர் எடுத்துக்காட்டுடன் சொல்லுங்கள்.

தஞ்சோங் ரம்புத்தானில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். வீட்டிலிருந்தபடி சென்னை நிறுவனம் ஒன்றுக்குக் கணக்கு வேலை பார்ப்பவர். பகலில் தொல்லை இல்லை. இரவு ஒன்பதுக்குச் சென்னைக்காரர்களுடன் பேசும்போது எல்லாம் உடைகிறது. லேன் கேபிள் செருகி, 9.15க்கு அலுவலகச் சர்வரை நோக்கி 200 பாக்கெட் ஓடவிட்டால் கீழ்க்கண்டது கிடைக்கிறது. முகவரிகள் எடுத்துக்காட்டுக்கு மட்டும் உரியவை. எண்கள் மில்லிவிநாடியில்.

```
mtr -n -r -c 200 203.0.113.50
                   Loss%   Avg  Best  Wrst
1. 192.168.0.1      0.0%     1     1     4
2. 10.20.0.1        0.0%     6     5    14
3. ???            100.0%     0     0     0
4. 198.51.100.9    38.0%     9     8    31
5. 198.51.100.33    0.0%    11    10    22
6. 192.0.2.17       6.5%    76    42   118
7. 203.0.113.1      7.0%    77    43   121
8. 203.0.113.50     6.5%    77    43   119
```

பார்த்ததும் கண் போவது 3ஆம் வரிக்கும் 4ஆம் வரிக்கும்தான். ஒன்றில் 100 விழுக்காடு, இன்னொன்றில் 38. "இதோ பாருங்கள், உங்கள் கருவி பாதிப் பாக்கெட்டைத் தின்கிறது" என்று இந்த இரண்டு வரியையும் வட்டமிட்டு அனுப்புகிறவர்கள் ஏராளம். இரண்டு வரியும் குற்றமற்றவை.

காரணம் எளியது. 5ஆம் வரிக்குப் போகும் ஒவ்வொரு பாக்கெட்டும் 3ஐயும் 4ஐயும் கடந்துதான் போக வேண்டும். 5இல் 200க்கு 200 பதில் வந்திருக்கிறது. 4ஆம் ரௌட்டர் உண்மையிலேயே நூற்றுக்கு 38ஐத் தொலைத்திருந்தால் இது நடக்கவே முடியாது. ரௌட்டரின் வேலை பாக்கெட்டைக் கடத்திவிடுவது. அதை அதற்கென்றே அமைந்த சில்லுகள் மின்னல் வேகத்தில் செய்துவிடுகின்றன. "ஆயுள் முடிந்தது" என்று பதில் எழுதுவதோ அதன் சிறிய பொதுச் செயலிக்கு உரிய வேலை. தபால் பிரிப்பவரிடம் போய் "என் கடிதம் உங்கள் கைக்கு வந்ததா" என்று கேட்பது போன்றது இது; கேள்விக்குப் பதில் சொல்ல நேரமில்லாவிட்டாலும் கடிதம் நிற்காமல் போய்க்கொண்டிருக்கும். பல நிறுவனங்கள் விநாடிக்கு இத்தனை பதில் போதும் என்று ரௌட்டரில் வரம்பு போட்டிருக்கும், அதுதான் 4ஆம் வரி. பதிலே வேண்டாம் என்று பூட்டியும் வைப்பார்கள், அது 3ஆம் வரி.

எனவே பட்டியலைக் கீழிருந்து மேலாகப் படியுங்கள். முதலில் கடைசி வரியைப் பாருங்கள். அங்கே இழப்பு இல்லையென்றால் நடுவில் எவ்வளவு இழப்பு காட்டினாலும் கவலையில்லை. இழப்பு இருந்தால் அங்கிருந்து மேலே ஏறிக்கொண்டே வாருங்கள், அதே அளவு இழப்பு எந்த வரி வரைக்கும் தொடர்கிறது என்று. இங்கே 8இல் 6.5, 7இல் 7, 6இல் 6.5. ஐந்தாம் வரியில் சுழியம். 200இல் 13 தொலைவதும் 14 தொலைவதும் வேறு வேறு அல்ல, அளவெடுப்பில் வரும் சிறு ஆட்டம்தான். ஆகவே இழப்பு முதலில் தலைகாட்டுவது 6ஆம் வரியில். வீட்டு ரௌட்டர், லைன், உள்நாட்டுப் பாதை மூன்றும் குற்றத்திலிருந்து விலகிவிட்டன. தொழில்நுட்பர் "லைன் ஓகே" என்றது சரிதான்.

6ஆம் வரியில் நேரம் 11இலிருந்து 76க்குத் தாவுகிறதே, அதுவும் கோளாறுதானா?

பாதி இயல்பு, பாதி கோளாறு. அதைப் பிரித்துக் காட்டுவது `Best` என்ற பத்தி.

கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீட்டர் போகும். அதாவது போய்த் திரும்பும் ஒவ்வொரு மில்லிவிநாடிக்கும் 100 கிலோமீட்டர் தூரம். ஐந்தாம் வரியின் சிறந்த நேரம் 10, ஆறாம் வரியின் சிறந்த நேரம் 42. இடையே 32 மில்லிவிநாடி என்றால் அதிகம் போனால் 3,200 கிலோமீட்டர். கோலாலம்பூரிலிருந்து சென்னை நேர்க்கோட்டில் ஏறத்தாழ 2,600 கிலோமீட்டர். வங்காள விரிகுடாவின் அடியில் கிடக்கும் கேபிள் வழியே பாக்கெட் கடலைத் தாண்டியிருக்கிறது என்பது இதிலிருந்து தெரிகிறது. இந்த 42ஐ எந்த நிறுவனத்தாலும் பெரிதாகக் குறைக்க முடியாது, அது தூரத்தின் விலை. முகவரிக்குப் பதில் பெயர் காட்டும்படி ஓடவிட்டால் சில ரௌட்டர்களின் பெயரிலேயே விமான நிலையக் குறி இருக்கும். கோலாலம்பூருக்கு `kul`, சிங்கப்பூருக்கு `sin`, சென்னைக்கு `maa`.

மிச்சம் 34 மில்லிவிநாடிதான் கோளாறு. நெரிசலான இணைப்பில் பாக்கெட்டுகள் வரிசையில் காத்து நிற்கின்றன, வரிசை நிரம்பியதும் பின்னால் வருபவை எறியப்படுகின்றன. காத்திருப்பு சராசரியை ஏற்றுகிறது, எறியப்பட்டவை இழப்பாக வருகின்றன. இரண்டும் ஒன்றாக ஏறினால் நெரிசல் என்று கொள்ளலாம். இழப்பு மட்டும் இருந்து நேரம் ஏறாமல் இருந்தால் பழுதான இணைப்பையோ அழுக்கேறிய இழையையோ சந்தேகிக்க வேண்டும், அது இரவு பகல் பார்க்காது.

இதை உறுதிசெய்ய மறுநாள் காலை 10 மணிக்கு அதே கட்டளையை ஓடவிட வேண்டும்.

```
                   Loss%   Avg  Best  Wrst
4. 198.51.100.9    36.0%     9     8    29
5. 198.51.100.33    0.0%    10    10    19
6. 192.0.2.17       0.0%    43    42    49
8. 203.0.113.50     0.0%    44    43    51
```

`Best` மாறவில்லை, ஆகவே பாதை அதேதான். சராசரி 43க்கு இறங்கிவிட்டது, இழப்பும் போய்விட்டது. இரவில் நிரம்பும் ஒரு குழாய் நடுவில் இருக்கிறது. நான்காம் வரியைக் கவனியுங்கள்: எல்லாம் நன்றாக ஓடும் காலையிலும் அதில் 36 விழுக்காடு. அது வெறும் பதில் வரம்பு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

`Best` எண்ணே ஏறிவிட்டால் அது வேறு கதை, பாக்கெட் சுற்றுவழியில் போகிறது என்று பொருள். 2006 டிசம்பர் 26இல் தைவான் அருகே நிலநடுக்கத்தில் கடலடிக் கேபிள்கள் அறுந்தபோது மலேசியா உட்படக் கிழக்கு, தென்கிழக்கு ஆசிய நாடுகள் பலவற்றில் இணையம் தடுமாறியது. அம்மாதிரி நாட்களில் போக்குவரத்து மிஞ்சிய பாதைகளில் திருப்பிவிடப்படும். தூரமும் கூடும், நெரிசலும் கூடும்.

அப்படியானால் 5க்கும் 6க்கும் இடையில் உள்ள இணைப்புதான் குற்றவாளி என்று எழுதிவிடலாமா?

அவசரப்பட வேண்டாம். இந்த இடத்தில்தான் அனுபவமுள்ளவர்களும் தவறுகிறார்கள். டிரேஸ்ரூட் காட்டுவது போகும் பாதையை மட்டும். ஆனால் அது அளப்பது போகவும் வரவும் ஆன மொத்தத்தை. பதில் திரும்பி வரும் வழி வேறாக இருக்கலாம், பெரும்பாலும் வேறாகவே இருக்கும், ஏனெனில் ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு மலிவான வழியைத் தானே தேர்ந்தெடுக்கிறது. 5ஆம் ரௌட்டரின் பதில் மலேசியாவுக்குள்ளேயே திரும்பிவிடுகிறது. 6ஆம் ரௌட்டரின் பதில் சிங்கப்பூர் சுற்றி வரக்கூடும். இழப்பு அந்தத் திரும்பும் வழியில் இருந்தாலும் பட்டியலில் அது 6ஆம் வரியில்தான் தோன்றும்.

பிரித்தறிய மறுமுனையில் ஒருவர் உதவ வேண்டும். நம் எடுத்துக்காட்டில் சென்னை அலுவலகக் கணினிக்காரர் வீட்டின் வெளி முகவரியை நோக்கி ஒரு டிரேஸ்ரூட் ஓட்டிப் பார்க்கிறார். பாதை சிங்கப்பூர் வழியாகப் போவது தெரிகிறது. பிறகு அவர் பக்கம் `iperf3 -s` என்று ஓடவிட்டுக் காத்திருக்க, இங்கிருந்து இரண்டு சோதனை:

```
iperf3 -c 203.0.113.50 -u -b 2M
iperf3 -c 203.0.113.50 -u -b 2M -R
```

முதலாவது இங்கிருந்து சென்னைக்கு அனுப்பி எண்ணுகிறது, `-R` சேர்த்த இரண்டாவது அங்கிருந்து இங்கே. போகும்போது இழப்பு 0, வரும்போது 6 விழுக்காடு என்று வந்தால் கதை தலைகீழாகிவிடுகிறது. 5, 6 இடையிலான இணைப்பு நன்றாக இருக்கிறது, சிங்கப்பூர் சுற்றி உள்ளே வரும் வழிதான் நிரம்பியிருக்கிறது. கருவி ஏதும் இல்லாமலே இதற்கு ஓர் அறிகுறி உண்டு. உங்கள் குரல் அங்கே தெளிவாகக் கேட்கிறது, அவர்கள் குரல் மட்டும் உங்களுக்கு உடைகிறது என்றால் வரும் திசையைச் சந்தேகியுங்கள். வீடுகள் இரவில் இறக்குவதே மிகுதி, ஏற்றுவது குறைவு. அதனால் உள்ளே வரும் திசை முதலில் நிரம்புவதில் வியப்பில்லை.

மறுமுனையில் உதவி கிடைக்காவிட்டால் வேறொரு நிறுவனத்தின் சிம் உள்ள கைப்பேசியை ஹாட்ஸ்பாட் ஆக்கி, அதே இரவில் அதே சர்வரை நோக்கி எம்டிஆர் ஓட்டுங்கள். முதல் நிலைகளில் நேரம் ஏறி இறங்கும், அது அலைபேசிக் கோபுரத்தின் இயல்பு. கடைசி வரியில் இழப்பு இல்லையென்றால் சென்னைச் சர்வர்மேல் பழி இல்லை என்று ஆகிவிடும்.

இரண்டாம் வரியிலேயே நேரம் 300, 400 என்று ஏறுகிறது. நிறுவனத்தின் லைன் பழுதா?

முதலில் வீட்டில் யார் என்ன ஏற்றிக்கொண்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். கல்யாண வீடியோவை யாராவது மேகத்தில் ஏற்றினாலும், சிசிடிவி கேமரா தொடர்ந்து அனுப்பிக்கொண்டிருந்தாலும், வீட்டு ரௌட்டரின் வெளிவாசலில் நீண்ட வரிசை நின்றுவிடும். 6 மில்லிவிநாடியில் வர வேண்டிய பதில் 400 ஆகும். பிங்கை நிறுத்தாமல் ஓடவிட்டு (`ping -t 8.8.8.8`) ஏற்றத்தை நிறுத்துங்கள். நேரம் உடனே இயல்பான அளவுக்கு இறங்கினால் லைன் நலம். ரௌட்டர் அமைப்பில் ஏற்றும் வேகத்துக்கு, கிடைக்கும் அளவில் நூற்றுக்கு 90 என்று வரம்பு போட்டுவிட்டால் வரிசை நீள்வது குறையலாம்.

எல்லாவற்றையும் அணைத்த பிறகும் 2ஆம் வரியிலிருந்து கடைசி வரை இழப்பு தொடர்ந்தால் அது உண்மையான லைன் பழுது. இழை மடங்கியிருக்கலாம், இணைப்பு முனை தளர்ந்திருக்கலாம். மழைக்குப் பின் வருகிறதா என்றும் குறித்து வையுங்கள். இந்த ஒரு வகையில்தான் வீட்டுக்கு வரும் தொழில்நுட்பரால் நேராக உதவ முடியும்.

புகாரில் என்ன எழுத வேண்டும்?

"இணையம் ஸ்லோ" என்று எழுதினால் கம்பிவேலைக்காரரைத்தான் அனுப்புவார்கள். கண்டுபிடித்ததை எழுதுங்கள். லேன் கேபிளில் சோதித்தது, சோதித்த நாள், மணி, சேருமிட முகவரி, உங்கள் வெளி முகவரி, இழப்பு தொடங்கும் வரி. இரவு எடுத்த பட்டியலையும் காலையில் எடுத்ததையும் அப்படியே எழுத்தாக இணையுங்கள். கைப்பேசியில் எடுத்த மங்கலான படம் வேண்டாம். மூன்று இரவுகள் அடுத்தடுத்து எடுத்தால் "அன்று மட்டும் ஏதோ" என்ற பதிலுக்கு இடமிருக்காது. நம் எடுத்துக்காட்டில் எழுத வேண்டிய வாக்கியம் இவ்வளவுதான்: "வீட்டிலிருந்து ஐந்தாம் நிலை வரை இழப்பு இல்லை, சென்னையிலிருந்து சிங்கப்பூர் வழியாக உள்ளே வரும் திசையில் இரவு 9 மணியளவில் 6 விழுக்காடு இழப்பு, காலையில் இல்லை, வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டாம், பாதைகளைப் பார்க்கும் பிரிவுக்கு அனுப்புங்கள்." அந்தப் பிரிவால் வரும் போக்குவரத்தை வேறு வழிக்குத் திருப்ப முடியும், அந்த இணைப்பின் கொள்ளளவைக் கூட்டவும் முடியும்.

நிறுவனம் தந்த புகார் எண்ணைப் பத்திரப்படுத்துங்கள். அங்கே தீர்வு கிடைக்காதபோது மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் முறையிடலாம். அங்கே முதலில் கேட்கப்படுவது அந்த எண்தான்.

சேருமிடச் சர்வரே பிங்குக்குப் பதில் தரவில்லை. என்ன செய்வது?

பாதுகாப்புக்காகப் பல நிறுவனங்கள் பிங்கை மூடி வைத்திருக்கும். இணையப்பக்கம் நன்றாகத் திறந்தும் பிங்கில் 100 விழுக்காடு இழப்பு வந்தால் அதுதான் காரணம், கோளாறு இல்லை. லினக்ஸில் `mtr -T -P 443` என்பதோடு சேருமிட முகவரியையும் கொடுத்தால் இணையப்பக்கம் கேட்பது போலவே பாக்கெட் போகும், பெரும்பாலும் பதிலும் வரும். விண்டோஸ் மட்டுமே உள்ளவர்கள் பட்டியலில் கடைசியாகப் பதில் தந்த நிலையைச் சேருமிடமாக வைத்து 200 பிங் அனுப்பலாம். ஆனால் அந்த ரௌட்டர் பதில் வரம்பு உள்ளதாக இருந்தால் அதன் இழப்பு எண்ணை நம்ப முடியாது. இரவிலும் காலையிலும் எடுத்து, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை மட்டும் கணக்கில் கொள்ளுங்கள்.